ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் பச்சை: முகம் மாற்றுகிறவர்களின் கேள்விகள்

முகூர்த்த மாதம் முடிந்தால் எனக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். குரூப் போட்டோவில் யாரோ ஒருவர் கண்ணை மூடியிருப்பார், வேறு ஷாட்டிலிருந்து அவர் முகத்தையே எடுத்து வைக்க வேண்டும். வைத்தால் ஒட்டு போட்டது போலத் தெரிகிறது. செட்டிநாட்டு வீட்டில் எடுத்த படம் என்றாலே பாதிக் காரணம் புரிந்துவிடும், முகத்துக்கு ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் சுவரில் டியூப் லைட். இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டியூப் லைட் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. பகல் வெளிச்சமும் ஏறத்தாழ அவ்வளவுதானே? பிறகு ஏன் ஜன்னல் பக்கக் கன்னம் நீலமாகவும் டியூப் பக்கக் கன்னம் பச்சையாகவும் இருக்கிறது? ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. (தேவகோட்டை வாசகர்)

இரண்டு சங்கதி இருக்கிறது. நீங்கள் சொல்கிற பகல் வெளிச்சம் நேர் வெயில், உச்சி வெயில் சுமார் 5500 கெல்வின். ஆனால் உங்கள் ஜன்னல் வழியாக வருவது வெயில் இல்லை, வளவு முற்றத்துக்கு மேலே திறந்திருக்கும் வானத்தின் வெளிச்சம், அது 7000, 8000 என்று போகும், தெளிந்த நீல வானம் என்றால் இன்னும் மேலே. அதனால் அந்தக் கன்னம் நீலம்.

டியூப் பக்கம் பச்சையாவது கெல்வின் சமாச்சாரமே இல்லை. கெல்வின் எண் சொல்வது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அந்த விளக்கு எங்கே நிற்கிறது என்பதை மட்டும். பழைய டியூபில் பாதரச ஆவியிலிருந்து வரும் வெளிச்சத்தில் 546 நானோமீட்டரில் பச்சை தனியாகத் தூக்கி நிற்கும், வானத்து வெளிச்சத்தில் அப்படி ஒரு மேடு கிடையாது. நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. எடிட்டிங்கில் டெம்பரேச்சர் கோலை எவ்வளவு இழுத்தாலும் பச்சை போகாது, அதற்கு டின்ட் என்று தனிக் கோல் இருக்கிறது. அதிலும் இழுப்பது படம் முழுவதற்கும் சேரும் என்பதால் ஜன்னல் பக்கக் கன்னம் ரோஸாகிவிடும். இரண்டு விளக்குக்கு ஒரு ஒயிட் பேலன்ஸ் போதாது, அவ்வளவுதான்.

டியூபின் ஓரத்தில் 765, 865, 840 மாதிரி மூன்று இலக்க எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது, 7 என்றால் எழுபதுகளில், 8 என்றால் எண்பதுகளில். அடுத்த இரண்டும் கெல்வின், 65 என்றால் 6500. 765 என்று இருந்தால் அந்தப் பக்கத்து மேனி நிறம் கொஞ்சம் செத்த மாதிரிதான் வரும், முன்கூட்டியே மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

காரைக்குடியில் ஒரு மணிவிழா. முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆச்சி கண்ணை மூடிவிட்டார். கண் திறந்திருக்கும் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் நாலு நாற்காலி தள்ளி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். முகத்தை வைத்து, மேட்ச் கலர் போட்டேன், சாயம் பூசியது போல ஆகிவிட்டது. (ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்பவர்)

நீங்கள் அனுப்பிய இரண்டு படத்தையும் திறந்து பார்த்தேன். மேட்ச் கலர் தோற்றதில் ஆச்சரியம் இல்லை, அது முகம் முழுவதற்கும் ஒரு சராசரி எடுத்து ஒரே திருத்தம் போடுகிறது, உங்கள் முகத்திலோ இரண்டு பாதிக்கும் எதிரெதிர்த் திருத்தம் வேண்டியிருக்கிறது. நாலு நாற்காலி உள்ளே போனதும் ஜன்னல் வெளிச்சம் குறைந்து டியூப் வெளிச்சம் கூடிவிட்டது.

வழக்கமாக நான் முகத்தையே மாற்றமாட்டேன். புருவத்திலிருந்து கன்ன மேடு வரை ஒரு பட்டை எடுத்தால் போதும், கன்னம் பழையதாகவே இருந்துவிடும், நிறப் பிரச்சினையும் பாதி குறையும். இங்கே ஆச்சி மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார், கண்ணாடி விளிம்பு இரண்டு படத்திலும் வேறு சாய்வில் இருக்கிறது, அதனால் நெற்றியிலிருந்து தாடை வரை எடுத்தே ஆகவேண்டும். காது, கழுத்து, முடி மூன்றும் பழைய படத்திலேயே இருக்கட்டும், அவைதான் உங்களுக்கு அளவுகோல்.

முதலில் இரண்டு ரா கோப்பையும் ஒரே டெம்பரேச்சர், ஒரே டின்ட் எண்ணில் திறங்கள். அப்புறம் ஐட்ராப்பரை 11-க்கு 11 சராசரிக்கு மாற்றிவிட்டு இரண்டு கன்னத்தையும் அளந்து காகிதத்தில் எழுதுங்கள். உங்கள் படத்தில் எனக்குக் கிடைத்தது இது. கண் மூடிய முகத்தில் ஜன்னல் பக்கக் கன்னம் சிவப்பு 168, பச்சை 128, நீலம் 118; டியூப் பக்கம் 150, 124, 92. கொண்டுவந்து வைக்கிற முகத்தில் ஜன்னல் பக்கம் 160, 124, 106; டியூப் பக்கம் 158, 136, 98. ஆக, ஜன்னல் பக்கத்தில் எல்லாமே கூட வேண்டும், நீலம் மட்டும் 12 கூட வேண்டும். டியூப் பக்கத்தில் எல்லாமே குறைய வேண்டும், அதிகம் குறைய வேண்டியது பச்சை, அதுவும் 12.

இதை இரண்டு கர்வ்ஸ் லேயராகப் போடுங்கள், இரண்டையும் புது முகத்துக்கு மட்டும் கிளிப் செய்துவிடுங்கள். முதலாவதில் சிவப்புக் கோட்டில் 160-ஐ 168-க்கு, பச்சையில் 124-ஐ 128-க்கு, நீலத்தில் 106-ஐ 118-க்கு ஏற்றுங்கள். இரண்டாவதில் 158-ஐ 150-க்கு, 136-ஐ 124-க்கு, 98-ஐ 92-க்கு இறக்குங்கள். முதலாவதின் மாஸ்க்கைத் தலைகீழாக்கியதுதான் இரண்டாவதின் மாஸ்க்.

வேலை முழுக்க அந்த மாஸ்க்கில்தான் இருக்கிறது. நிறைய பேர் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை நேராக ஒரு கிரேடியன்ட் இழுத்து முடித்துவிடுகிறார்கள், முகம் என்ன சுவரா, நேர்கோட்டில் வெளிச்சம் பிரிய? ஜன்னல் வெளிச்சம் மூக்குத் தண்டைத் தாண்டி மறுபக்கக் கன்ன மேட்டின் நுனியைத் தொடும், ஆனால் மூக்கின் மறுசரிவில் விழாது. டியூப் பக்கக் கண்குழி, மூக்கோரம், கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பள்ளம் இவையெல்லாம் டியூபுக்குச் சொந்தம். நெற்றி நடுவில் இரண்டும் கலக்கும். அதனால் மென்மையான பிரஷ்ஷை 20 சதவீத ஃப்ளோவில் வைத்து, மேடு பள்ளத்தைப் பார்த்துக் கையாலேயே தீட்டுங்கள்.

தாடைக்கு அடியில் லேசாகச் செம்மை தெரிகிறதே, அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லிலிருந்து ஏறி வருகிற மூன்றாவது வெளிச்சம். பழைய கழுத்திலும் அதே செம்மை இருக்கிறது, தாடையில் மட்டும் இல்லாவிட்டால் தலை தனியாக மிதக்கும்.

முடிந்ததா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாச்சுரேஷன் லேயர் வைத்து 50 கூட்டுங்கள். கண்ணுக்கு ஒத்துப்போன மாதிரி இருந்த இடமெல்லாம் அப்போது பல்லிளிக்கும், காதோரமும் தாடையோரமும்தான் முதலில் மாட்டும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை அணைத்துவிடுங்கள். கடைசியாகக் கண்ணாடியின் மினுக்கம்: ஜன்னல் சதுரமாகவும் டியூப் நீளக் கோடாகவும் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் சதுரம் எந்தப் பக்கமோ ஆச்சிக்கும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது சரியாகவே இருக்கிறது.

எடுத்த முகத்தில் ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது, வைக்க வேண்டிய இடத்தில் இடப்பக்கம். ஃப்ளிப் செய்துவிட்டால்? (பள்ளத்தூர் வாசகர்)

வெளிச்சம் பொருந்திவிடும், ஆள் மாறிவிடுவார். வகிடு திரும்பும், ஒரு பக்க மூக்குத்தி மறுபக்கம் போகும், மச்சம் இடம் மாறும். வீட்டு ஆட்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்கள். வேறு ஷாட் தேடுங்கள். அதேபோல டியூப் வெளிச்சத்தில் மட்டும் எடுத்த முகமும் வேண்டாம், கர்வ்ஸால் நிறத்தை மாற்றலாமே தவிர, ஜன்னல் உண்டாக்கும் நிழலையும் மேட்டையும் வரவழைக்க முடியாது.

ஒரே இடம், ஒரே செட்டிங், அடுத்தடுத்த வினாடியில் எடுத்த ஷாட்கள். ஜன்னல் பக்கக் கன்னம் எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒன்றுதான், டியூப் பக்கம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு நிறம். கேமரா கெட்டுவிட்டதா? (கானாடுகாத்தான் வாசகர்)

கேமரா நன்றாக இருக்கிறது. ஷட்டர் என்ன வைத்தீர்கள் என்று பார்த்தேன், 1/250. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப் வினாடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்குகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி. 1/250 என்பது 4 மில்லிவினாடி. நீங்கள் அழுத்தும் நேரத்தைப் பொறுத்து ஒரு ஷாட்டில் உச்சி மாட்டும், இன்னொன்றில் பள்ளம் மாட்டும். டியூபுக்குள் பூசியிருக்கும் பாஸ்பர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் அணைவதில்லை, அதனால் வெளிச்சத்தோடு நிறமும் ஆடுகிறது. வானம் ஆடாது, அதனால்தான் ஜன்னல் பக்கம் அசையாமல் இருக்கிறது.

1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும், எல்லா ஷாட்டும் ஒத்துப்போகும். குரூப் போட்டோவுக்கு 1/100 தாராளமாகப் போதும். எலக்ட்ரானிக் சோக் உள்ள டியூபில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது, மலிவான எல்இடி டியூபில் இருக்கும். எடுத்துவிட்ட படங்களுக்கு, டியூப் பக்கத்து கர்வ்ஸை மட்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாக அளந்து போடுங்கள், முந்தினதைக் காப்பி பண்ணாதீர்கள்.

கருப்பு வெள்ளையாக்கிவிட்டால் தப்பித்துவிடலாமா? (புதுவயல் வாசகர்)

ஏறக்குறைய. ஆனால் கருப்பு வெள்ளையாக்கும்போது நீலக் கோலைத் தொட்டால் ஒரு கன்னமும் பச்சைக் கோலைத் தொட்டால் மறு கன்னமும் தனித்தனியாக வெளுக்கும் கறுக்கும். முதலில் மேலே சொன்ன இரண்டு கர்வ்ஸ், அப்புறம் கருப்பு வெள்ளை. ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குச் சரி, முழு மணிவிழாவையும் அப்படிக் கொடுத்தால் பட்டுப்புடவைக்குக் காசு கொடுத்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அடுத்த மாதம் அதே மாதிரி வீட்டில் இன்னொரு விசேஷம். எடுக்கும்போதே என்ன செய்யலாம்? (மீண்டும் காரைக்குடி ஸ்டூடியோக்காரர்)

டியூபை அணையுங்கள். வீட்டுக்காரர்கள் "இருட்டா இருக்குமே தம்பி" என்பார்கள், பரவாயில்லை. டியூப் இருந்த பக்கம் ஆளுயரத்துக்கு வெள்ளைத் தெர்மகோல் ஷீட் இரண்டை நிறுத்துங்கள், ஜன்னல் வெளிச்சமே திரும்பி வந்து நிழலை நிரப்பும், இரண்டு கன்னத்துக்கும் ஒரே நிறம். வரிசை நீளமாக இருந்து ஷீட் எட்டவில்லை என்றால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். இருட்டில் வரும் புள்ளியைக் குறைப்பது பச்சைக் கன்னத்தைத் திருத்துவதைவிடச் சுலபம். பூஜை நடக்கிறது, விளக்கை அணைக்கவே முடியாது என்கிறார்களா, அப்போது வரிசையை வளவின் திறந்த முற்றத்தைப் பார்த்துத் திருப்பி உட்காரவையுங்கள், ஜன்னல் முகத்துக்கு நேரே வந்துவிடும், டியூப் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எப்படி இருந்தாலும் ஆட்கள் உட்கார்ந்தபின் இடம் மாறுவதற்கு முன்னால் ஐந்தாறு ஷாட் கூடுதலாக எடுத்துவையுங்கள், ஆச்சி அதே நாற்காலியில் கண் திறந்து இருக்கிற படம் ஒன்று கிடைத்தால் இந்த அளவெடுப்பு எதுவுமே தேவைப்படாது.