வெள்ளைப்படுதல்: ஈஸ்டா, பாக்டீரியாவா?

"போன மாதம் தயிர்த்திப்பி மாதிரி வெள்ளைப்பட்டு அரித்தது, க்ளோட்ரிமசோல் க்ரீமில் சரியானது. இப்போது தண்ணியாக, மீன் வாடையோடு வருகிறது. அதே க்ரீம் போடலாமா?"

வேண்டாம். போன மாதம் வந்தது பெரும்பாலும் ஈஸ்ட் எனும் பூஞ்சையின் தொற்று. அதில் அரிப்பும் எரிச்சலும்தான் பெரிது, வாடை இருக்காது. இப்போதையது பாக்டீரியல் வஜினோசிஸ் போலிருக்கிறது. பிறப்புறுப்பில் நன்மை செய்யும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்களும், அதனால் அமிலத்தன்மையும் குறைந்து, பிஎச் 4.5-ஐத் தாண்டியிருக்கும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. உடலுறவுக்குப் பிறகு வாடை தூக்கலாகிறதா? விந்து காரத்தன்மை உள்ளது, அதுதான் வாடையைக் கிளப்பும்.

க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து. இதற்கு மெட்ரோனிடசோல் போன்றது வேண்டும், மருத்துவர் சீட்டோடு. வாடையும் அரிப்பும் சேர்ந்தே இருந்தால் உடலுறவால் பரவும் ட்ரைக்கோமோனாஸ் தொற்றாகவும் இருக்கலாம். அப்போது துணைவருக்கும் சிகிச்சை தேவை. அதனால் பரிசோதித்துவிடுங்கள். கர்ப்பம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் உடனே போங்கள்.