காதுக்குள் நாடியோடு சேர்ந்து கேட்கும் 'உஸ் உஸ்'

"ராத்திரி படுத்தால் வலது காதில் இதயத் துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ் என்று கேட்கிறது. இதுவும் சாதாரண காது இரைச்சல்தானா?"

இல்லை, இது வேறு. சாதாரண இரைச்சல் ஒரே சீராக 'ங்கொய்' என்று ஓடும். அங்கே உண்மையில் ஒலி இல்லை. பெரும்பாலும் உள்காது பழுதாகும்போது மூளை தானாக உண்டாக்கிக்கொள்வது. உங்களுக்குக் கேட்பது அநேகமாக நிஜ ஒலி, காதருகே ரத்தம் பாயும் சத்தம்.

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மாடி ஏறியதும் இரண்டும் சேர்ந்தே வேகமெடுக்கும். தலையை வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் குறைந்தால், கழுத்துச் சிரையில்தான் விஷயம் இருக்கலாம். ரத்தசோகையில்கூட இப்படிக் கேட்கும்.

தலைவலியும், குனிந்தால் பார்வை மங்குவதும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், கேட்புச் சோதனை மட்டும் இதற்குப் போதாது, ரத்தக்குழாய் ஸ்கேன் தேவைப்படலாம்.