டெஸ்டர் அல்லாதவர்களோடு பக் பேஷ்: பாயிண்ட் எப்படிப் போடுவது?

கேள்வி: வேலூரில் லாட்ஜ் புக்கிங் ஆப் செய்கிறோம். டெஸ்டர் இரண்டே பேர். சப்போர்ட், அக்கவுண்ட்ஸ், சேல்ஸ் ஆட்கள் 12 பேரை வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆப்பில் பக் தேடுகிற பக் பேஷ் நடத்தச் சொல்கிறார்கள். ரூல்ஸ், பாயிண்ட் எல்லாம் எப்படி வைப்பது?

பதில்: பக் எண்ணிக்கைக்குப் பாயிண்ட் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எழுத்துப்பிழையும் பட்டன் நிறமுமாக டிக்கெட் குவியும், பணம் தப்பாகக் கழிகிற பக் அதற்குள் புதைந்துவிடும். பெரிய பாதிப்புக்கு 10, நடுத்தரத்துக்கு 4, சின்னதுக்கு 1 போதும். எது எந்த வகை என்பதை எழுதியவர் முடிவு செய்யக் கூடாது. அன்று டெஸ்டர்கள் இருவரும் பக் தேட வேண்டாம். வருகிற டிக்கெட்டை அப்போதைக்கப்போதே பார்த்துப் பாயிண்ட் போடட்டும்.

ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் கவனம் சிதறும். முதல் 15 நிமிடம் விளக்கம். இருவர் இருவராக 6 ஜோடி. ஜோடிக்கு ஒரு சூழ்நிலை, தனித்தனி லாகின். ஒரே லாகினில் பலர் புகுந்தால் ஒருவர் ரத்து செய்த புக்கிங் இன்னொருவருக்கு 'காணாமல் போன பக்' ஆகிவிடும். பேமெண்ட் டெஸ்ட் மோடில் இருக்கிறதா, எஸ்எம்எஸ் நிஜ வாடிக்கையாளருக்குப் போகாமல் நிறுத்தியாகிவிட்டதா என்று முந்தின நாளே பாருங்கள். முடியும்வரை புது பில்ட் போட வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த பக் பட்டியலை எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

சூழ்நிலை உங்கள் ஊரிலிருந்தே வரட்டும். சிகிச்சைக்கு வந்தவர் 3 நாளுக்கு அறை எடுக்கிறார், ஆபரேஷன் தள்ளிப்போகிறது, இன்னும் 2 நாள் நீட்டிக்கிறார். அதற்குள் அதே அறையை வேறொருவர் புக் செய்திருந்தால் ஆப் என்ன செய்கிறது? இது தினமும் போன் எடுக்கிற சப்போர்ட் ஆளுக்குத்தான் முதலில் தோன்றும். இருவருக்கும் அறை உறுதியானால் அது 10 பாயிண்ட். அதையே இன்னொரு ஜோடியும் எழுதினால் முதலில் எழுதியவருக்குத்தான் 10. ஆனால் இரண்டாமவர் "பகல் 12 மணிக்கு மேல் நீட்டித்தால் மட்டும் வருகிறது" என்று சேர்த்தால் அவருக்கு 2 கொடுங்கள். டெவலப்பர் காரணத்தைப் பிடிப்பது பெரும்பாலும் அந்த வரியை வைத்துத்தான். தப்பாக எழுதியதற்கு மைனஸ் வேண்டாம். ஒரு முறை வெட்டினால் அக்கவுண்ட்ஸ்காரர் அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

டிக்கெட்டில் ஐந்து விஷயம் கேளுங்கள்: என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, எந்த போன், எத்தனை மணிக்கு. நேரம் இல்லாவிட்டால் லாகில் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான்.

பரிசை அன்றே கொடுத்துவிடுங்கள். டிக்கெட் எல்லாவற்றுக்கும் `bugbash` என்று லேபிள் போட்டு, இரண்டு வேலை நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள்: சரிசெய்கிறோம், இப்போது இல்லை, இது பக் இல்லை. பின்னிரண்டுக்கும் ஒரு வரி காரணம் கட்டாயம். பதில் வராதவர் அடுத்த முறை உட்கார மாட்டார். 10 பாயிண்ட் பக் சரியானதும், கண்டுபிடித்தவரையே கூப்பிட்டு அதே படிகளை மறுபடி செய்யச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு மூடுங்கள்.