குடலில் மண், ஈரலில் கசப்பு: மச்சான் முன்னால் நான் பட்ட பாடு

கேள்வி: ஆட்டுக் குடலை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவியும் வாடை போகவில்லை. சாப்பிடும்போது மண் நறநறக்கிறது. கூட வாங்கிய ஈரலும் லேசாகக் கசந்தது. எப்படித்தான் சுத்தம் செய்வது?

நீங்கள் வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு அலசி அலசித் தண்ணீரைச் சாய்த்திருப்பீர்கள். எப்படித் தெரியும் என்றால், நானும் அதைத்தான் செய்தேன். அதுவும் மனைவியின் அண்ணன் முதன்முறையாக என் சமையலைச் சாப்பிட உட்கார்ந்த அன்று.

அவர் இரண்டாவது வாயிலேயே நிறுத்திவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நாக்கால் துழாவி எதையோ விரல் நுனியில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கடுகில் பாதி அளவு, கறுப்பாக ஒரு கல். அப்புறம் இன்னொன்று. நான் அன்று பத்துத் தடவை கழுவியிருந்தேன். சத்தியமாக எண்ணிக்கொண்டுதான் கழுவினேன்.

சாயங்காலம் அத்தை வந்து, நான் மறுநாளைக்கென்று ஃபிரிட்ஜில் வைத்திருந்த கழுவாத மீதியை எடுத்தார். பாத்திரத்தைச் சாய்க்கப் போன என் கையைப் பிடித்து, "தண்ணியை ஏன் கொட்டுறீங்க மாப்பிள்ளை? குடலைத் தூக்குங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மண் அடியில் படியும் பொருள். பாத்திரத்தைச் சாய்த்தால் மேல் தண்ணீர் போய்விடும், அடியில் இருக்கும் மண் குடல் மேலேயே வந்து உட்காரும். பத்துத் தடவை சாய்த்தால் பத்துத் தடவையும் அதே மண்தான். நிறையத் தண்ணீரில் குடலை முக்கிக் குலுக்கி, கையால் அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் முதல் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளை அல்லது எவர்சில்வர் பாத்திரம் என்றால் எவ்வளவு மண் என்று கண்ணுக்கே தெரியும். அடியில் ஒன்றுமே தங்காத வரைக்கும் மாற்றிக்கொண்டே இருங்கள். எத்தனை தடவை என்ற கணக்கே தேவையில்லை.

நறுக்குவதும் கடைசியில்தான். ஆட்டு வயிற்றில் நான்கு அறை. மேயும்போது புல்லோடு போகும் மண் எல்லா அறையிலும் ஒரே மாதிரி தங்காது. பெரிய வயிறு உள்ளே துவாலை மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அதை விரித்துப் பிடித்து அலசினாலே பெரும்பாலும் போய்விடும். தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக இருக்கும் அறையில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மண் பதுங்கியிருக்கும். அதற்கு மட்டும் தனியாக ஒரு புதுப் பல் துலக்கும் பிரஷ் வைத்திருக்கிறேன். மூன்றாவது அறை புத்தகம் மாதிரி, மெல்லிய இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நம் பல்லில் மாட்டும் கல்லில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வரும். நடுவில் ஒரே வெட்டாகப் பிளந்து, ஒவ்வோர் இதழாகப் புரட்டி, விரலை ஓட்டித் தேய்க்க வேண்டும். பொறுமை இல்லை என்றால் அந்த அறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், குற்றமில்லை. அதை அப்படியே துண்டு போட்டீர்களானால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு மண்ணை உள்ளே வைத்துப் பொட்டலம் கட்டின மாதிரி ஆகிவிடும். நான் செய்தது அதுதான்.

சிறுகுடலை ஒரு முழ நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சட்டைக் கையை மடிப்பது போல ஒரு விரல் அளவு வெளிப்பக்கம் மடித்து, அந்த மடிப்புக்குள் தண்ணீர் ஊற்றினால், தண்ணீரின் கனத்திலேயே குடல் தானாக உள்வெளியாகத் திரும்பிக்கொண்டு போகும். முதல்முறை பார்த்தபோது எனக்கு வித்தை காட்டுவது போல இருந்தது. திருப்பிய பிறகு கல் உப்பும் ஒரு கைப்பிடி மாவும் போட்டுப் பிசைந்து அலசினால் வழவழப்பு மாவோடு வந்துவிடும். நான்காவது அறையும் வழவழப்பானதுதான், அதற்கும் இதே வைத்தியம்.

இனி வாடை. இதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை, அதனால் கழுவிக் கழுவி வாடையைப் போக்க முடியாது. பெரிய வயிற்றில் புல் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் உண்டாகும் அமிலங்களின் நாற்றம் உள் தோலில் ஊறியிருக்கும். அந்தக் கறுத்த தோலை உரித்தால் வாடையில் முக்கால்வாசி போய்விடும். மீதி, குடலை ஒட்டியிருக்கும் கொழுப்பில் இருக்கிறது. ஆட்டுக்கே உரிய மொச்சை வாடை கொழுப்பில்தான் தங்கும். கொழுப்பை முழுசாக எடுத்தால் ருசி போய்விடும் என்பார்கள். சரி, கொஞ்சம் விட்டுவிடுங்கள், கட்டி கட்டியாக இருப்பதையாவது எடுத்துவிடுங்கள்.

தோலை உரிக்கத் தண்ணீரின் சூடுதான் முக்கியம். முதல் தடவை நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். தோல் வெந்து சதையோடு இறுகிவிட்டது, கத்தியால் சுரண்டினால் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்ததே தவிர உரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாலும் உரியாது. எனக்குச் சரிப்பட்ட கணக்கு, கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு. அது 75 டிகிரி பக்கம் இருக்கும், குடலைப் போட்டதும் 65, 70க்கு இறங்கும். ஒரு நிமிடம் கழித்து ஓர் ஓரத்தைக் கட்டை விரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். நனைந்த காகிதம் போலச் சுருண்டு கீழே வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மொத்தத்தையும் வெளியே எடுத்து, கரண்டி விளிம்பால் சுரண்டிவிடுங்கள். உரியவில்லையா, இன்னும் அரை நிமிடம். ஒரேயடியாக எல்லாவற்றையும் போடாமல், ஒரு கையில் விரித்துப் பிடிக்கிற அளவு துண்டாகப் போட்டு எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றைச் சுரண்டி முடிப்பதற்குள் மற்றது வெந்துவிடும்.

அப்படியும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி தின்னும் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்துத் தேய்க்கலாம். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு கூடவே கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வழுக்கல் போகும் வரை அலச வேண்டும், கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சோப்பு ருசி வரும். "சுண்ணாம்பா? எலுமிச்சை போதுமே" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். மீனுக்கு எலுமிச்சை சரி, அந்த வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்பு அதை அடக்கும். குடலின் வாடையே அமிலம். அதன் மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் எலுமிச்சை வாசனை கொஞ்ச நேரம் மேலே நிற்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பு அந்த அமிலத்தை மணக்காத உப்பாக மாற்றிவிடுகிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, பள்ளி வேதியியல்.

இன்னொரு கூட்டம், "பச்சை இறைச்சியைக் கழுவவே கூடாது, கிருமி தெறிக்கும்" என்று வரும். சாதாரணக் கறிக்கு அது நியாயமான பேச்சு. புல்லும் சாணமும் இருக்கிற குடலைக் கழுவாமல் எப்படிச் சாப்பிடுவது? அதனால்தான் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே பிடிக்காமல், பாத்திரத் தண்ணீருக்குள் முக்கி அலசச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் தொட்டியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். சாம்பல் நிறத்தில் நுரை கட்டி வரும். அதற்குப் பிறகுதான் துண்டு போடுவது.

ஈரல் கதை இதற்கு நேர்மாறு. அதை அதிகம் கழுவினால் கெட்டுப்போகும். முழுசாகவோ இரண்டு மூன்று பெரிய துண்டாகவோ, உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் வைத்தால் ரத்தம் ஓரளவு இறங்கிவிடும். ஓரத்தில் நகத்தால் கிளப்பி, மேலே இருக்கும் மெல்லிய சவ்வை இழுத்து எடுத்துவிடுங்கள். குழாய்களை வெட்டி எடுங்கள். துடைத்துவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். வெந்நீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ரத்தம் உள்ளேயே உறைந்து வாடையோடு நின்றுவிடும்.

உங்களுக்குக் கசந்தது பித்தநீராகத்தான் இருக்கும். பித்தப்பை உடைந்து ஊறிய இடம் பச்சையும் மஞ்சளுமாகத் தெரியும். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. கறைக்கு வெளியே ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டி எறிந்துவிடுங்கள். ஈரலுக்குள்ளேயே கத்தி கறுக்கென்று மாட்டினாலோ, குழாய்ச் சுவர் தடித்து வெள்ளையாக இருந்தாலோ, தண்ணீர் நிறைந்த கொப்புளம் தெரிந்தாலோ அது புழுவின் வேலையாக இருக்கலாம். அந்த ஈரலைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், மொத்தமாகப் போட்டுவிடுங்கள். ஆனால் நாய்க்குப் போடாதீர்கள். அந்தக் கொப்புளத்தைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து மனிதருக்குத் தொற்றும்.

ஆறு மாதம் கழித்து மச்சான் மறுபடி வந்தார். அன்று காலை ஐந்தரை மணிக்கே எழுந்து புத்தக அறையை இதழ் இதழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை, தட்டின் ஓரம் சுத்தமாக இருந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். போகும்போது அலமாரி மாட்ட வேண்டும் என்று என் டிரில் மெஷினை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் ஆகிறது. கேட்டால் "மாப்பிள்ளை, அடுத்த தடவை வரும்போது கொண்டு வரேன்" என்கிறார். அதற்குப் பிறகு நாலு தடவை வந்துவிட்டார், நாலு தடவையும் குடல்தான் கேட்டார்.