ஏசி திருத்துற ஆக்களுக்குப் போட்ட இமெயில் ஏன் விளங்கல்ல?

கேள்வி: "உப்புவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கன். போட்ட இமெயில்: 'செவ்வாய் ஏசி திருத்தினீங்கள். மேலும் புதன் தண்ணீர் ஒழுகியது. மேலும் வெள்ளி விருந்தினர் வருகிறார்கள். மேலும் பில் வந்தது.' என்ன செய்யோணும் எண்டு திருப்பிக் கேக்கிறாங்க. எங்க பிழை?"

பிழை அந்த 'மேலும்'லதான். அது ஒண்டுக்குப் பக்கத்தில இன்னொண்டை வைக்கும், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு சொல்லாது. திருத்தினாங்க, ஒழுகினது, இது எதிர்பார்த்ததுக்கு மாறு, அப்ப 'ஆனால்'. அதில 'அதனால்' போட்டிராதீங்கோ, நீங்க திருத்தினதாலதான் ஒழுகுது எண்டு பழி போட்ட மாதிரி ஆகிடும், பிறகு சண்டைதான். வெள்ளிக்கு ஆக்கள் வாறது காரணம், அதுக்கு 'ஆகவே' போட்டுப் பாருங்கோ, பின்னால எழுத ஒண்டுமே இல்ல பாத்தீங்களா? வியாழனுக்குள்ள வாங்கோ எண்டு கேக்கவே மறந்திட்டீங்க! பில்லுக்கு 'பிறகு' மட்டும் போட்டா வெறும் வரிசை, 'பிறகுதான்' எண்டா அது நிபந்தனை.

நான் எண்டா இப்பிடிப் போடுவன்:

"செவ்வாய் ஏசி திருத்தினீங்கள். ஆனால் புதன் காலை மறுபடி தண்ணீர் ஒழுகியது. வெள்ளி விருந்தினர் வருகிறார்கள், ஆகவே வியாழன் மாலைக்குள் வந்து பாருங்கள். ஒழுக்கு நின்ற பிறகுதான் பில்லைக் கட்டுவேன்."

கடைசி வரி கொஞ்சம் காரம், பழகின ஆக்கள் எண்டா 'தான்'ஐ எடுத்திடுங்கோ.