நீல டிக் இருந்தால் பரிசு அறிவிப்பை நம்பலாமா?

"ஒரு பெரிய கம்பெனியின் பக்கத்தில் நீல டிக் இருக்கிறது. பரிசு தருவதாகப் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?"

டிக்கை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் நீல டிக்கை மாதச் சந்தாவுக்கு விற்கத் தொடங்கியது. உடனே மருந்து நிறுவனமான எலி லில்லியின் பெயரில் யாரோ போலிக் கணக்கு தொடங்கி, டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதினார்கள். உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று.

சரி, காசுக்கு வாங்காத டிக் என்றால்? 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பில் கேட்ஸ் போன்றோரின் அசல் கணக்குகளையே திருடர்கள் கைப்பற்றினார்கள். பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று எழுதி, 1 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். கணக்கும் அசல், டிக்கும் அசல். எழுதிய கை மட்டும் வேறு. கணக்கு யாருடையது என்பதற்கு டிக் ஓரளவு சாட்சி. அதில் வரும் வாக்குறுதிக்கு அது சாட்சியே இல்லை.

ஃபேஸ்புக்கில் என்றால் அந்தப் பக்கத்தின் Page transparency பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கம் தொடங்கிய தேதியும் பழைய பெயர்களும் அங்கே தெரியும். முன்பு வேறு பெயரில் இருந்த பக்கம் இப்போது கம்பெனி பெயரில் பரிசு தருகிறது என்றால், அது பெரும்பாலும் திருடப்பட்ட அல்லது விலைக்கு வாங்கிய பக்கம். அப்புறம், நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கும் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பரிசைப் பெற முன்பணமோ ஓடிபியோ கேட்டால், அதற்கு மேல் சோதிக்கத் தேவையே இல்லை.