பயிற்சியை ஐந்து மணிக்கே முடிக்க

காரைக்குடியில் 40 பேருக்கு 9.30 முதல் 5 வரை பயிற்சி. எப்போதும் ஆறு மணி ஆகிவிடுகிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

முதலில் பந்தியைக் கணக்கிடுங்கள். ஒரே நேரத்தில் 20 இலைதான் போடமுடியும் என்றால் இரண்டு பந்தி. பந்திக்கு 30 நிமிடம், இடையில் இலை எடுத்துத் துடைக்க 10 நிமிடம், ஆக 70. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பிற்பகல் தாமதமாகவே தொடங்கும். 12.45 முதல் 2 வரை விடுங்கள்.

வரவேற்பு 9.30. காலை அமர்வுகள் 9.45–11, 11.20–12.35, கேள்விகள் நீண்டால் அடுத்த 10 நிமிடம் தாங்கும். பிற்பகலில் 2–3.15, 3.35–4.30. பிறகு 15 நிமிடம் காலி, கடைசி 15 சான்றிதழுக்கு.

காலி நேரத்தை நிகழ்ச்சி நிரலில் அச்சிடாதீர்கள். பேச்சாளர் அதையும் எடுத்துக்கொள்வார். 3.35க்கு 15 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் தேநீரைக் குறைக்காமல், கடைசி அமர்வில் முன்பே குறித்துவைத்த ஒரு குழுச் செயல்பாட்டை விட்டுவிடுங்கள்.